சரக்கைத் திரும்பக் கேட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்கு மெயில் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதவரம் பக்கம் ஒரு மசாலா கம்பெனியில் டெஸ்பாட்ச்சும் தரக் கட்டுப்பாடும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு முறை இட்லிப் பொடியைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர், திருவொற்றியூர் பக்கம் சின்ன அளவில் பொடி, அப்பளம், ஊறுகாய் போடுகிற நண்பர்கள் அதைப் பற்றி அடிக்கடி கேட்பார்கள். அந்த ஒரே சம்பவத்தை வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். பேட்ச் எண்ணையும் தேதிகளையும் மாற்றியிருக்கிறேன், நடந்த விதத்தை மாற்றவில்லை.

முதல்ல என்ன நடந்துச்சு, அதச் சொல்லுங்க.

எங்கள் இட்லிப் பொடியில் வேர்க்கடலை கிடையாது. லேபிளிலும் இல்லை. ஆனால் வேர்க்கடலைப் பொடி என்று தனியாக ஒரு சரக்கு உண்டு, இரண்டும் ஒரே அரவை மெஷினில்தான் ஓடும். ஒரு சனிக்கிழமை காலையில் இட்லிப் பொடி அரைத்தார்கள். நடுவில் அவசர ஆர்டர் என்று வேர்க்கடலைப் பொடி ஓடியது. மதியம் மறுபடியும் இட்லிப் பொடி. நடுவில் மெஷினைக் கழற்றிக் கழுவியிருக்க வேண்டும். கழுவவில்லை.

மூன்று வாரம் கழித்து பாக்கெட்டில் இருந்த எண்ணுக்கு ஒரு அம்மா கூப்பிட்டார். மகனுக்கு வேர்க்கடலை ஆகாது, லேபிளைப் பார்த்துத்தான் வாங்கினேன், சாப்பிட்டதும் உதடு வீங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்றார். பையன் தேறிவிட்டான். நாங்கள் அன்றைய அரவைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். கழுவியதற்குக் கையெழுத்துப் போடும் கட்டம் காலியாக இருந்தது. மீதி வேலையெல்லாம் அந்தக் காலிக் கட்டத்திலிருந்துதான் தொடங்கியது.

பொடி கெட்டுப் போகலையே, ருசியும் நல்லாத்தானே இருக்கும். அதுக்குப் போய் திரும்ப எடுக்கணுமா?

எடுக்க வேண்டும். பொடியில் கோளாறு இல்லை, லேபிள் சொல்வதற்கும் உள்ளே இருப்பதற்கும் பொருந்தவில்லை என்பதுதான் கோளாறு. வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பவருக்குக் கொஞ்சம் போனாலே மூச்சு அடைக்கலாம். அவருக்கு இருக்கிற ஒரே காவல் அந்த லேபிள். அதனால்தான் 2020-ல் வந்த லேபிள் விதிமுறைகளில் வேர்க்கடலை, பால், கோதுமை, சோயா, மீன், முட்டை போன்றவற்றை ஒவ்வாமை தரும் பொருள்களாகத் தனியாகக் குறிப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாப் புகாருக்கும் சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. நிறம் கொஞ்சம் மங்கல், பெருங்காய வாசனை குறைவு, பாக்கெட்டில் அச்சு கோணல் என்றால் சரக்கை நிறுத்தி வைத்து, பார்த்து, மாற்றிக் கொடுத்தால் போதும். உடம்புக்குக் கெடுதல் வர வழியிருக்கிறது என்று தோன்றினால் அது வேறு கணக்கு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, அப்படி நினைக்கக் காரணம் இருந்தாலே தயாரிப்பாளர் உடனே சரக்கைத் திரும்பப் பெற ஆரம்பித்து, காரணத்தையும் சொல்லி, அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உறுதியாகத் தெரியும் வரை காத்திருக்கலாம் என்று அதில் இல்லை.

பல பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பியிருக்கிறோம், முடிவு வரட்டும் என்று ஒரு வாரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வாரத்தில் குடோனில் இருந்தது கடைக்குப் போய்விடும், கடையில் இருந்தது வீட்டுக்குப் போய்விடும். முடிவு வரும் வரை குறைந்தபட்சம் ‘நிறுத்தி வையுங்கள்’ என்று ஒரு மெயிலாவது போயாக வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் தினமும் ஃபோன்ல பேசுறவர்தான். ஒரு கால் பண்ணாப் போதாதா?

முதலில் ஃபோன்தான். வண்டி லைனுக்குக் கிளம்புவதற்குள் நிறுத்த வேண்டும் என்றால் வேறு வழியில்லை. காலையில் அவர் மெயிலைத் திறப்பார் என்று நம்பி உட்கார முடியாது. ஆனால் ஃபோன் வைத்த கையோடு மெயிலும் போக வேண்டும்.

ஃபோனில் நாம் சொன்னது அவர் குடோன் ஆளுக்குப் போய்ச் சேரும்போது வேறாகிவிடும். ‘ஜூன் மாசத்து இட்லிப் பொடி’ என்று நாம் சொல்ல, ‘பொடி ஐட்டம் எதையும் ஏத்தாதே’ என்று அங்கே போய்ச் சேரும். இன்னொரு பக்கம் சட்டம் இருக்கிறது. அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு, பாதுகாப்பில்லாத சரக்கை விநியோகித்தால் டிஸ்ட்ரிபியூட்டரும் பொறுப்பு என்று சொல்கிறது. எதைத் தவிர்க்க வேண்டும் என்று எழுத்தில் அவர் கையில் இருந்தால் அது நமக்கு மட்டுமில்லை, அவருக்கும் பாதுகாப்பு. எங்கள் வண்ணாரப்பேட்டை டிஸ்ட்ரிபியூட்டரிடம் இதைச் சொன்னபோது, “அப்ப மெயில மட்டும் சரியா போடு தம்பி, மத்தத நான் பார்த்துக்கறேன்” என்றார்.

வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், தப்பில்லை. பேட்ச் எண் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் புகைப்படத்துக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் எண்ணிக்கையும் கெடுவும் மெயிலில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைப்பது அதுதான்.

பேட்ச் நம்பர் போட்டா முடிஞ்சுது, வேற என்ன விவரம் வேணும்?

மெயிலின் உயிரே இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

எங்கள் முதல் வரைவு இப்படி இருந்தது: “எங்கள் இட்லிப் பொடியின் சில பேட்ச்களில் சிறு தரக்குறைவு இருப்பது தெரியவந்துள்ளது. தேவையான நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.” முதலாளி இதைத்தான் எழுதச் சொன்னார், நானும் எழுதினேன், மூன்று டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கும் போய்விட்டது. திருவொற்றியூர்க்காரர் பயந்துபோய் எங்கள் பொடி வகை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பொன்னேரியில் ‘சிறு’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு எதுவுமே செய்யவில்லை. வண்ணாரப்பேட்டைக்காரர் மட்டும் திரும்பக் கூப்பிட்டு, “எந்த பேட்ச்? என்ன பண்ணணும்?” என்று கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது மெயில் எழுத வேண்டியிருந்தது.

முதலில் எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது? மெஷின் சுத்தமாக இருந்தது என்று பதிவேடு காட்டுகிற கடைசி நேரத்திலிருந்து, மறுபடியும் சுத்தமானது என்று காட்டுகிற முதல் நேரம் வரை நடுவில் ஓடியது எல்லாமே பாதிக்கப்பட்டதுதான். சனிக்கிழமை காலையில் மெஷினைக் கழுவிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அதற்குப் பின் ஓடிய காலை பேட்ச் IP0614A நல்லது. பிறகு வேர்க்கடலை. பிறகு மதிய பேட்ச் IP0614B. அன்று இரவு முழுசாகக் கழற்றிக் கழுவியதற்குக் கையெழுத்து இருந்தது. அதனால் திங்கட்கிழமை ஓடியது நல்லது. ஆக மாட்டியது ஒரே ஒரு பேட்ச். அந்த இரவுக் கையெழுத்தும் இல்லாமல் போயிருந்தால் திங்கட்கிழமைச் சரக்கையும் சேர்த்துத்தான் எடுத்திருக்க வேண்டும். யூகத்தில் எல்லையைக் குறுக்கக் கூடாது.

அடுத்தது, பேட்ச் எண் பாக்கெட்டில் எப்படித் தெரிகிறது என்பது. எங்கள் இங்க்ஜெட் மெஷின் எழுத்தைப் புள்ளிப் புள்ளியாக அடிக்கும். அதில் B-யும் 8-ம் ஒரே மாதிரி இருக்கும். பாக்கெட்டின் பின்பக்க மடிப்பில் விழுந்தால் பாதி எழுத்து மறைந்துவிடும். அதனால் மெயிலில் எண்ணை மட்டும் போடாமல், “கடைசி எழுத்து ஆங்கில B. தயாரிப்பு நேரம் 14:00-க்கு மேல் இருந்தால் அது இந்த பேட்ச். எழுத்து சரியாகத் தெரியாவிட்டால் இந்த பேட்ச் என்றே எடுத்து வைக்கவும்” என்று சேர்த்தோம். தயாரித்த தேதியை மட்டும் சொல்லியிருந்தால் A-யும் சேர்ந்து வந்திருக்கும், ஏனென்றால் இரண்டுக்கும் தேதி ஒன்றுதான்.

எது பாதிக்கப்படவில்லை என்பதையும் சொல்லுங்கள். A-வை விற்கலாம், மற்றப் பொடிகளை விற்கலாம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லாததால்தான் திருவொற்றியூர்க்காரருக்கு ஒரு நாள் வியாபாரம் போனது.

கடைசியாக, அவருக்கு நாம் அனுப்பியது எத்தனை, எந்த பில்லில் என்பது. இது ஒவ்வொரு டிஸ்ட்ரிபியூட்டருக்கும் வேறாக இருக்கும். ஒரே மெயிலை மூன்று பேருக்கும் சேர்த்து அனுப்பாதீர்கள். அடுத்தவர் எவ்வளவு எடுக்கிறார் என்பது இவருக்குத் தெரிய வேண்டாம், அதில் வேறு சண்டை வரும்.

காரணத்தை எவ்வளவு சொல்லணும்? தப்பை ஒத்துக்கிட்டா நாளைக்கு நம்ம மேலயே திரும்பாதா?

என் கருத்து: பாதிப்பை முழுசாகச் சொல்லுங்கள், உள்வீட்டுக் கதையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ‘லேபிளில் குறிப்பிடாத வேர்க்கடலை கலந்திருக்க வாய்ப்பு உள்ளது’ என்பதை மறைக்கவே முடியாது. கடைக்காரர் அதை வைத்துத்தான் வாடிக்கையாளரிடம் பேசுவார். யார் கழுவவில்லை, சூப்பர்வைசர் எங்கே போயிருந்தார் என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை.

‘சிறு’, ‘லேசான’, ‘முன்னெச்சரிக்கையாக மட்டுமே’ என்கிற சொற்கள் மெயிலில் வேண்டாம். புகாரே வந்த பிறகு ‘முன்னெச்சரிக்கை’ என்று எழுதினால் பின்னால் அதுதான் நம் மேல் திரும்பும். தெரியாததை யூகித்து எழுதவும் வேண்டாம். எங்கள் மெயில் போனபோது ஆய்வக முடிவு வரவில்லை, அதனால் ‘கலந்துள்ளது’ என்று எழுதாமல் ‘கலந்திருக்க வாய்ப்பு உள்ளது’ என்றே எழுதினோம். அந்தப் பையனைப் பற்றி ஒரு புகார் வந்தது என்பதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. அவர்கள் பெயரும் தெருவும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு எதற்கு?

சரி, கடைசியா அனுப்பின மெயிலைக் காட்ட முடியுமா?

வண்ணாரப்பேட்டைக்குப் போனது இது. ஆட்களின் பெயரையும் பில் எண்ணையும் எடுத்துவிட்டேன். உங்கள் மெயிலில் இரண்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

பொருள்: அவசரம் – இட்லிப் பொடி 100 கிராம், பேட்ச் IP0614B – விற்பனையை இப்போதே நிறுத்தவும், திரும்பப் பெறுகிறோம்

அன்புள்ள ஐயா,

இன்று காலை 10 மணிக்கு ஃபோனில் சொன்னதை எழுத்தில் உறுதி செய்கிறோம்.

எங்கள் இட்லிப் பொடி 100 கிராம், பேட்ச் IP0614B-யில், லேபிளில் குறிப்பிடாத வேர்க்கடலை கலந்திருக்க வாய்ப்பு உள்ளது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆபத்தாகலாம். ஒரு புகார் வந்துள்ளது. இந்த பேட்ச் முழுவதையும் கடைகளிலிருந்தும் வாடிக்கையாளர்களிடமிருந்தும் திரும்பப் பெறுகிறோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது: பாக்கெட்டின் பின்பக்க மேல் மடிப்பில் IP0614B என்று இருக்கும். தயாரித்த தேதி 14.06.2025, நேரம் 14:00-க்கு மேல். கடைசி எழுத்து தெளிவாக இல்லாத 14.06.2025 பாக்கெட்டுகளையும் எடுத்து வைக்கவும். படம் இணைத்துள்ளோம்.

பாதிக்கப்படாதவை: IP0614A மற்றும் வேறு எந்தத் தேதியிட்ட இட்லிப் பொடியும், எங்கள் மற்ற எல்லாப் பொடிகளும். அவற்றை வழக்கம்போல் விற்கலாம்.

உங்களுக்கு அனுப்பியது: 17.06.2025 பில்லில் 10 பெட்டி, 24.06.2025 பில்லில் 8 பெட்டி. மொத்தம் 18 பெட்டி, பெட்டிக்கு 60 வீதம் 1,080 பாக்கெட்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. குடோனிலும் வண்டியிலும் உள்ள இந்த பேட்ச்சை இப்போதே தனியாக வைத்து, ‘விற்கக் கூடாது’ என்ற தாளை ஒட்டவும்.
2. நாளை 04.07.2025 மாலை 6 மணிக்குள் குடோனில் உள்ள எண்ணிக்கையைப் பாக்கெட் கணக்கில் இந்த மெயிலுக்குப் பதிலாக எழுதவும். ஒன்றும் இல்லையென்றாலும் ‘0’ என்று எழுதவும்.
3. இந்த பேட்ச் போன எல்லாக் கடைகளுக்கும் இன்றே தகவல் சொல்லி, அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லவும். இணைத்துள்ள அறிவிப்பைக் கடையில் ஒட்டச் சொல்லவும்.
4. கடைகளிலிருந்து வந்ததைத் தனிப் பெட்டியில் சேர்க்கவும். 07.07.2025 திங்கட்கிழமை காலை எங்கள் வண்டி வரும். நீங்களாக அழிக்கவோ வேறு இடத்துக்கு அனுப்பவோ வேண்டாம்.

கடைக்காரருக்கு நீங்கள் திருப்பிக் கொடுக்கும் விலைக்கே கிரெடிட் நோட் தருகிறோம். வாடிக்கையாளர் பிரித்த பாக்கெட்டைக் கொண்டு வந்தாலும் முழு விலை உண்டு.

மெயில் கிடைத்ததும் ‘கிடைத்தது’ என்று ஒரு வரி பதில் போடவும். சந்தேகம் இருந்தால் கீழே உள்ள எண்ணில் இரவு 10 மணி வரை கூப்பிடலாம்.

மெயில் இவ்வளவுதான். மன்னிப்பு வரி எங்கே என்று முதலாளி கேட்டார். அதை ஃபோனிலேயே சொல்லிவிட்டோம், எல்லாம் முடிந்த பிறகு நேரில் போயும் சொன்னோம். அவசர மெயிலின் தலையில் நாலு வரி வருத்தம் இருந்தால் பேட்ச் எண் கீழே போய்விடுகிறது. ஃபோன் திரையில் முதலில் தெரிவது நாலைந்து வரிதான்.

தமிழ்லயா இங்கிலீஷ்லயா?

குடோனில் பெட்டியைப் புரட்டப்போகிறவர் எதைப் படிப்பாரோ அதில். எங்கள் பக்கம் தமிழ்தான். சூப்பர் மார்க்கெட் கிளைகளுக்குச் சரக்குப் போடும் டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் கீழே ஆங்கிலத்திலும் சேர்த்துவிடுங்கள். பேட்ச் எண்ணை மட்டும் பாக்கெட்டில் இருக்கிறபடியே, ஒரு எழுத்து மாறாமல் போடுங்கள்.

எந்தெந்தக் கடைக்குப் போச்சுன்னு லிஸ்ட் கேட்டா டிஸ்ட்ரிபியூட்டர் தர மாட்டேங்கறாரே?

தர மாட்டார், அவர் பயம் நியாயமானது. அந்த லிஸ்ட்தான் அவர் சொத்து. அது கம்பெனி கையில் போனால் நாளைக்கு நேரடியாகக் கடைக்கு வண்டி விட்டுவிடுவார்கள் என்று நினைப்பார். அப்படி விட்ட கம்பெனிகளும் இருக்கின்றன.

மேலே உள்ள மெயிலைப் பாருங்கள், லிஸ்ட் கேட்கவில்லை. தகவல் சொல்ல வேண்டியது அவர், எண்ணிக்கை மட்டும் நமக்கு. அப்புறம் வண்ணாரப்பேட்டைக்காரரிடம் லைன் வாரியாகக் கணக்குக் கேட்டோம்: ராயபுரம் லைனில் எத்தனை கடை, எத்தனை பாக்கெட் போனது, எத்தனை திரும்பியது, எத்தனை கடைக்கு இன்னும் தகவல் சொல்லவில்லை. காசிமேடு லைனுக்கும் அதேபோல. கடைப் பெயர் ஒன்றுகூட இல்லாமல் வேலை நடந்தது. ஆனால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி கேட்டால் அந்த லிஸ்ட் கொடுத்தாக வேண்டும் என்பதையும் ஃபோனில் சொல்லி வைத்தோம். ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

மெயில் போட்டு ஒரு நாள் ஆச்சு, பதிலே இல்ல. என்ன பண்றது?

நேரில் போங்கள். மெயில் அனுப்பிய இரண்டு மணி நேரத்தில் ‘கிடைத்தது’ வரவில்லை என்றால் ஃபோன், அதற்கும் பிடிகொடுக்கவில்லை என்றால் பைக்கை எடுங்கள். பொன்னேரிக்கு நானே போனேன். குடோனில் ஆறு பெட்டி எங்கள் சரக்கு இருந்தது, அதில் இரண்டு B, மறுநாள் காலை லைனுக்காக வாசலிலேயே அடுக்கியிருந்தார்கள். மெயில் பொன்னேரிக்காரருடைய மகனின் ஃபோனுக்குப் போயிருக்கிறது, அந்த மகன் ஊரில் இல்லை. மெயில் ஐடியை வருடத்துக்கு ஒரு முறை சரிபார்க்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வந்தது.

திரும்பி வந்த எண்ணிக்கை பொருந்தவே மாட்டேங்குது. எங்க போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு பாக்கெட் விடாமல் முதல் தடவையே பொருந்தினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். B பேட்ச்சில் 2,400 பாக்கெட், அதாவது 40 பெட்டி. வண்ணாரப்பேட்டைக்கு 18, திருவொற்றியூருக்கு 11, பொன்னேரிக்கு 8, எங்கள் குடோனில் 3. அந்த மூன்றை எண்ணினால் 180 இருக்க வேண்டும், 176 இருந்தது. கொஞ்ச நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். பிறகு பார்த்தால் ஆய்வகத்துக்காக நாங்களே நாலு பாக்கெட்டை மாதிரியாக எடுத்து வைத்திருந்தோம்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த பதிலில் குடோனில் 300, கடைகளிலிருந்து 412, ஆக 712 என்று இருந்தது. 1,080-ல் மீதி 368 விற்றுவிட்டது என்று எழுதியிருந்தார். வண்டியில் வந்ததை நாங்கள் ஒவ்வொரு பாக்கெட்டாகப் புரட்டிப் பார்த்தோம். கடைகளிலிருந்து வந்த 412-ல் 46 பாக்கெட் A. கடைக்காரர்கள் தேதியை மட்டும் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆக உண்மையில் வந்த B 666, இன்னும் வந்து சேராதது 368 இல்லை, 414. எண்ணிப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்த 46 பாக்கெட் B கடைகளிலேயே இருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த லைன்களில் இன்னொரு சுற்றுப் போகச் சொன்னோம், மேலும் 19 கிடைத்தது.

பொன்னேரி இதற்கு நேர் எதிர். அனுப்பியது 480, வந்தது 493. அனுப்பியதைவிட அதிகமாக எப்படித் திரும்பி வரும்? எல்லையோரக் கடைகள் சில, விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று வேறு டிஸ்ட்ரிபியூட்டரின் லைனில் வாங்கி வைத்திருந்தன. திரும்பக் கொடுக்கும்போது பக்கத்தில் இருக்கிற பொன்னேரிக்காரரிடம் கொடுத்துவிட்டன. அதோடு ஒரு மொத்த வியாபாரி ஒரு பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தார். அதிகமாக வந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. நம் கணக்கில் இல்லாத வழியில் சரக்குப் போகிறது, அந்த வழியில் யாருக்கும் மெயில் போகவில்லை என்று அர்த்தம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அங்கேயும் தகவல் சொன்னோம்.

அதிகாரிங்களுக்குச் சொல்லிட்டோம்னு மெயில்ல போடணுமா?

சொல்லியிருந்தால் போடுங்கள், சொல்லாமல் போடாதீர்கள். நாங்கள் மெயில் எழுதும்போது இன்னும் சொல்லவில்லை, அதனால் அந்த வரி இல்லை. மதியம் உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்கு எழுதிவிட்டு, மாலையில் டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு இரண்டு வரி தனியாக அனுப்பினோம். பொன்னேரி, மீஞ்சூர் எல்லாம் திருவள்ளூர் மாவட்டம். சென்னை அலுவலகத்தில் சொல்லிவிட்டோம், அவர்களே அங்கேயும் சொல்வார்கள் என்று விடாமல் அங்கேயும் எழுதுங்கள்.

திரும்பி வந்ததுல ‘வேர்க்கடலை உள்ளது’ன்னு ஸ்டிக்கர் ஒட்டி வித்துடலாமா? இவ்ளோ சரக்கு வீணாப் போகுதே.

இந்த யோசனை எங்களுக்கும் வந்தது. உங்கள் இஷ்டத்துக்கு ஒட்டாதீர்கள். திரும்பப் பெற்ற சரக்கை என்ன செய்யலாம் என்பதை அதிகாரியிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகுதான் அசைய வேண்டும். அதுவரை தனியாகப் பூட்டி வைத்து, எண்ணிக்கையை எழுதி ஒட்டி வையுங்கள்.

நாங்கள் அழித்தோம். அழிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முழுப் பாக்கெட்டாகக் குப்பையில் போட்டால் அது கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போகும், அங்கே பொறுக்குகிறவர்கள் கையில் நல்ல பாக்கெட்டாகக் கிடைக்கும். அது எங்கே போய் விற்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு பாக்கெட்டையும் வெட்டி, பொடியைத் தனியாகக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கலந்து, உறையைத் தனியாகப் பிரித்தோம். நாலு பேருக்கு இரண்டு நாள் வேலை. எண்ணிக்கையோடு புகைப்படம் எடுத்து வைத்தோம்.

பணம் எப்படித் தீர்க்கிறது? அதுலதான் சண்டையே வருது.

சண்டை வருவது பெரும்பாலும் ஒரே இடத்தில். டிஸ்ட்ரிபியூட்டர் நம்மிடம் 29 ரூபாய்க்கு வாங்கி, கடைக்கு 32-க்குக் கொடுத்திருப்பார். கடைக்காரர் திருப்பும்போது 32 கேட்பார். நாம் 29-க்குக் கிரெடிட் நோட் போட்டால் பாக்கெட்டுக்கு 3 ரூபாய் அவர் கையிலிருந்து போகும். நம் தப்புக்கு அவர் ஏன் இழக்க வேண்டும்? அதனால்தான் ‘நீங்கள் திருப்பிக் கொடுக்கும் விலைக்கே’ என்று மேலே காட்டிய மெயிலிலேயே எழுதினோம். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் பொன்னேரிக்காரர் மனசு வைத்துத் தேட ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன்.

ஜி.எஸ்.டி. கணக்கில் வாங்கிய விலைக்கான கிரெடிட் நோட் வேறு, அந்த 3 ரூபாய்க்கான ஈடு வேறு. இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் குழப்ப வேண்டாம். அவரும் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டியிருக்கும். அழித்த சரக்குக்கான வரியை உங்கள் ஆடிட்டரிடம் காட்டிவிட்டு முடியுங்கள்.

கடைல ஒட்டுற அறிவிப்புல என்ன எழுதினீங்க?

அரைத் தாள்தான். பொருளின் பெயர், எடை, பேட்ச் எண், எந்த இடத்தில் பார்ப்பது என்று ஒரு படம். “வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் சாப்பிட வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டு மூச்சுத் திணறல், வீக்கம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும், 108-ஐ அழைக்கவும். பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற்றுக்கொள்ளலாம், பில் தேவையில்லை.” கீழே எங்கள் எண். ராயபுரத்தில் ஒரு அண்ணாச்சி அதைக் கல்லாவுக்கு நேர் மேலே ஒட்டியிருந்தார். எடுக்கலாம் என்று நாங்கள் சொன்ன பிறகும், “இருக்கட்டும்பா, யாராவது இன்னும் வீட்ல வச்சிருப்பாங்க” என்று ரொம்ப நாள் விட்டுவைத்திருந்தார். பாதி காலியான ஒரு பாக்கெட் ஆகஸ்ட் கடைசியில் அவர் கடையிலிருந்துதான் வந்தது.